பத்துக் கட்டங்களும் பிரகதீஸ்வரியும்

பிரகதீஸ்வரி ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியில்தான் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும் வரை அந்த விஷயம் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். ஆண்டு விழாவில் ஆடியதில்லை, விளையாட்டு விழாவில் ஓடியதில்லை, பேச்சுப் போட்டியில் பேர் கொடுத்ததில்லை. கைதட்டும் கூட்டத்தில்கூட அவள் கைதட்டிப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

நான் அவளுக்குப் பொருளியல் எடுத்தவள். எனக்கு விழா என்றாலே ஆகாது. எங்கள் மாவட்டத்தில் ஒரு பூட்டுக்கு எண்ணெய் போட்டால்கூட ஃப்ளெக்ஸ் அடித்து, மைக் கட்டி, பொன்னாடை போர்த்தி விடுவார்கள். ஆகவே விழாவுக்கு வராத பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு ரகசியப் பிரியம் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு நான் ஓரவஞ்சனையாகப் பேசுவதாக யாரும் சொல்லக் கூடாது.

அவள் குடும்பம் திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம். அப்பா திருப்பதி, அம்மா முனியாயி. தெருவின் இந்த முனையில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் உள்ள பெரிய வீடு. சொந்தக்காரர்கள் ஒருவர் அல்ல, பல பங்காளிகள். சென்னையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், கடல் கடந்து ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பூட்டு. நடுவில் இருக்கிற வளவு, அதாவது அறைகள் சூழ்ந்த அந்தப் பெரிய முற்றமும் தாழ்வாரமும், எல்லாருக்கும் பொது. பின்கட்டில் இரண்டு அறையில் திருப்பதி குடும்பம் இருந்தது. வாடகை கிடையாது, சம்பளம் கொஞ்சம். வேலை போனால் வீடும் போகும்.

அந்த வருஷம் டிசம்பரில் பெங்களூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு மின்னஞ்சல் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு அத்தனையும் இலவசம். மதிப்பெண்ணோடு, தன்னைப் பற்றி அறுநூறு சொல்லுக்குள் ஒரு கட்டுரை, இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பிறகு நேர்காணல். பொருளியல் பட்டப்படிப்பு இருந்தது. பிரகதீஸ்வரி வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "டீச்சர், நான் போடலாமா?" என்றாள். தனக்காக என்று அவள் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது.

கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று முனியாயியிடம் கேட்டேன். "திருப்பூர்ல எங்க கொழுந்தன் வேலை பாக்குற கம்பெனிக்குப் போவா டீச்சர். இவ அப்பாவுக்கு முழங்கால் முடியல. யாராச்சும் ஒருத்தர் சம்பாதிக்கணும்ல" என்றாள். கோபம், வருத்தம் எதுவும் இல்லாமல் பஸ் நேரம் சொல்வது மாதிரிதான் சொன்னாள். விடுதியோடு எல்லாம் இலவசம் என்றால் படிக்கட்டும், இல்லையென்றால் திருப்பூர். பேச்சு அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பு ரெங்கராஜ் சாருக்கு. ஆங்கில ஆசிரியர், நல்ல மனிதர். அவருடைய ஒரே குறை, எந்தக் காலி இடத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியே செய்த காரியங்களை எழுதப் பத்துக் கட்டங்கள் இருந்தன. அவர் பிரகதீஸ்வரியை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்எஸ்எஸ்?"

"இல்ல சார்."

"சாரணியர்? கபடி? கோலப் போட்டி? ஒரு ஓவியம்?"

"இல்ல சார்."

"வீட்ல என்னதாம்மா பண்ணுவ?"

"கதவு தொறப்பேன் சார். கூட்டுவேன். மூடிருவேன்."

ரெங்கராஜ் சார் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு வாரத்தில் அவரே ஒரு வழி செய்தார். மரக்கன்று நடு விழா என்று ஒன்றை ஏற்பாடு செய்து, 'ஒருங்கிணைப்பாளர்: செல்வி தி. பிரகதீஸ்வரி' என்று ஃப்ளெக்ஸ் அடித்தார். அதில் அவள் படம் ரேஷன் கார்டு அளவு. மற்றவர்கள் படம் எந்த அளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் "வணக்கம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து "நன்றி" என்றாள். எங்கள் பள்ளி வரலாற்றிலேயே அதைவிடச் சிறந்த உரையை நான் கேட்டதில்லை. ஆனால் கட்டத்தில் எழுத அது போதாது என்று ரெங்கராஜ் சார் வருத்தப்பட்டார்.

கட்டுரையையும் அவரே ஒரு நகல் எழுதினார். 'சிறு வயது முதலே சமூக சேவையில் தணியாத ஆர்வம் கொண்ட நான்' என்று தொடங்கியது. மேதகு நிறுவனம் என்ற பொருளில் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷன் என்று மூன்று இடத்தில் வந்தது. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவள் நான் என்பதால் என்னிடம் காட்டினார்.

"சார், இந்தப் புள்ளைய நான் பாத்ததே இல்லையே" என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான் மேடம் எழுதுறாங்க."

"அதான் சொல்றேன். எல்லாரு மாதிரியும் எழுதுனா இவ தனியாத் தெரிய மாட்டால்ல. என் கடுதாசியில அவ வாயே தொறக்க மாட்டான்னு எழுதப் போறேன். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் படிப்பாங்க சார்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோபம்தான். இரண்டு நாள் என்னோடு டீ குடிக்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகமே இணையத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியது. எங்கள் ஹைடெக் லேபில் பிரகதீஸ்வரியும், அவள் வகுப்புத் தோழி வைஷ்ணவியும், ரெங்கராஜ் சாரும், நானும் உட்கார்ந்து கேட்டோம். சேர்க்கைப் பிரிவில் இருந்த ஒரு பெண் தமிழில் நிதானமாகச் சொன்னாள். பத்துக் கட்டங்களையும் நிரப்ப வேண்டியதில்லை. வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கூலி வேலைக்குப் போவது எல்லாமே அதில் எழுதலாம். கட்டுரையில் பட்டியல் வேண்டாம், பட்டியல்தான் கட்டத்தில் இருக்கிறதே. ஒரே ஒரு காரியம் போதும். என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள், எது தப்பாய்ப் போனது, அதிலிருந்து என்ன புரிந்தது, படிக்கப் போகிற பாடத்தோடு அது எங்கே வந்து சேர்கிறது. மொழி எளிமையான ஆங்கிலமாக இருந்தால் போதும். எழுதியதை வைத்துத்தான் நேர்காணலில் கேள்வி கேட்போம்.

ரெங்கராஜ் சார் தன் தாளில் 'பத்துக் கட்டம்' என்று எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

பிரகதீஸ்வரி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தாள். 'நான் அமைதியான பெண். எனக்குப் பொருளியல் பிடிக்கும். வாய்ப்புக் கொடுத்தால் நன்றாகப் படிப்பேன்.' மூன்றும் உண்மை. அறுநூறு சொல்லுக்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

புதன்கிழமை இரண்டு பக்கம் எழுதி வந்தாள். பர்மாத் தேக்குத் தூண், முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. சுற்றுலாத் துறைக்காரர்கள் பார்த்தால் அப்படியே அச்சடித்துக்கொள்வார்கள். வைஷ்ணவி என் மேசையோரம் நின்றபடி அதை வாங்கிப் படித்தாள். அவள் கோ-கோ வீராங்கனை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேறு கல்லூரிக்குப் போட்டிருந்தாள். ஊருக்கே கேட்கும் குரல்.

"ஏன்டி, இதுல தூணுதான் நிக்குது. நீ எங்கிட்டு இருக்க?"

பிரகதீஸ்வரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நான் பண்ணுன ஒண்ணு இருக்கு டீச்சர். ஆனா அது அவங்க வீட்டு விஷயம்" என்றாள்.

என்ன விஷயம் என்று கேட்டேன். பொதுவில் சொல்லக்கூடிய அளவு மட்டும் சொன்னாள். அதற்கே அவளுக்கு ஒரு பீரியடு பிடித்தது.

அதற்கு முந்தைய வருஷத்து ஐப்பசி மழையில் வளவின் ஓடு சரிந்து தாழ்வாரம் முழுக்க ஒழுகியது. அவரவர் அறைக்கு மேல் என்றால் அவரவர் பார்த்துக்கொள்வார்கள். இது பொது இடம். பங்காளிகள் எல்லாரும் படைப்புக்கு வந்து, முன்னோர்களுக்குப் படைத்து, அதே ஒழுகலுக்குக் கீழே இலை போட்டுச் சாப்பிட்டு, தாத்தா கட்டின வீட்டின் பெருமையைப் பேசிவிட்டு அவரவர் காரில் ஏறிப் போனார்கள். இவள் ஒழுகுவதைப் படம் எடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அப்பா போனிலிருந்து போட்டாள். எல்லாரும் கும்பிடும் கை போட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஆனால் தனித்தனியாகப் போன் வந்தது. வழக்கமாகவே வரும். அவர்களுக்குள் பேச்சு குறைவு, அதனால் ஒருவரைப் பற்றி ஒருவர் இவளிடம்தான் கேட்பார்கள். யார் வந்தது, எந்த அறையைத் திறந்தது, எதை எடுத்துப் போனது. இவள் ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொன்னதே கிடையாது. 'அத நான் சொல்றதில்லைங்கய்யா' என்பாள். முதலில் எரிச்சல்பட்டார்கள். பிறகு, தன் விஷயமும் அங்கிட்டுப் போகாது என்று ஒவ்வொருவருக்கும் புரிந்தது. அப்புறம் எல்லாரும் அவளிடம் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

ஒழுகலைப் பற்றியும் அப்படித்தான். ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றே: நான் தரத் தயார், மற்றவன் தருவானா? முதலில் நான் தந்து, மற்றவன் கையை விரித்தால் நான்தான் ஏமாளி. கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. 'எல்லாரும் தந்தா நானும் தாரேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லுங்க. எல்லாரும் சொன்ன பிறகு, எல்லாரும் சொல்லிட்டாங்கன்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்றேன். அதுவரைக்கும் யாரு சொன்னா, யாரு சொல்லலைன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒருத்தர் சொல்லாட்டியும் யாரும் தர வேணாம்' என்றாள். ஒருவர் மட்டும் நெடுநாள் பிடி கொடுக்கவில்லை. இவள் வற்புறுத்தவும் இல்லை, வெளியே சொல்லவும் இல்லை. தை பிறப்பதற்குள் அவரும் சரி என்றார். ஓடு மாற்றியாயிற்று.

நான் இருபது வருஷமாகப் பொருளியல் எடுக்கிறேன். பொதுச் சொத்தைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவை கரும்பலகையில் எழுதி அழிக்கிறவள். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"இதை எழுதுறதுக்கென்ன?" என்றேன்.

"எழுதுனா, சொன்ன மாதிரி ஆயிராதா டீச்சர்? தெரிஞ்சா அப்பா வேலை போயிரும். நாங்க எங்கிட்டுப் போறது?"

அதை அவளேதான் யோசித்தாள். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. ரெங்கராஜ் சார் தன் மடித்த தாளைப் பிரித்து மறுபடி மேசைமேல் வைத்துப் பார்த்தார். கடைசியில் அவள் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். 'காலேஜ்ல சேர ஒரு கட்டுரை எழுதணும்ங்க. ஓடு மாத்துனதப் பத்தி எழுதலாமாங்க? நான் என்ன பண்ணுனேன்னு மட்டும்தான் வரும். ஊரு பேரு, ஆளு பேரு, எத்தன பங்கு, யாரு என்ன சொன்னா, எதுவும் வராது.'

எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்களாம். மற்றவர்கள் சரி என்றார்களா?

"அத நான் சொல்றதில்லைங்கய்யா" என்றாள்.

எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். தான்தான் கடைசியாகச் சரி சொன்னவன் என்று பேர் வாங்க யாருக்கும் மனமில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பிறகு அவள் எழுதியது கடகடவென்று வந்தது என்று சொன்னால் அது பொய். வினாத்தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாற்றினாள். கடைசியில் வந்ததை நான் படித்தேன். முதல் வரியே வாட்ஸ்அப் குழுவில் போட்ட படமும் அத்தனை கும்பிடும் கையும். அது ஏன் பலிக்கவில்லை என்று ஒரு பத்தி: நாலு பேர் பார்க்கிற இடத்தில் முதல் ஆளாக வாய் திறக்க யாரும் விரும்புவதில்லை. அடுத்து அவள் செய்த ஏற்பாடு, அதைச் செய்ய அவளால் ஏன் முடிந்தது என்பது. தான் அதிகம் பேசாதவள் என்பதை அந்த இடத்தில்தான் சொல்லியிருந்தாள். பெருமையாகவும் இல்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இல்லை. அங்கே யாரும் கஞ்சன் இல்லை, மற்றவரும் தருவார் என்ற நிச்சயம் மட்டும்தான் இல்லை என்று எழுதியிருந்தாள். யாராவது ஒருவர் பொய்யாகச் சரி சொல்லியிருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும், அதைத் தடுக்கத் தன்னிடம் எந்த வழியும் இல்லாமல் இருந்தது என்றும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பத்தியில் தன் ஊர்க் கண்மாய் வந்தது. வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. அதற்குப் பங்காளிகள் ஊர் முழுக்க. அத்தனை பேரும் நம்பி விஷயத்தைச் சொல்லி வைக்க ஒரு ஆள் இருக்க முடியாது. அப்படியானால் பெரிய கூட்டத்தில் அந்த நிச்சயம் எங்கிருந்து வரும்? 'இது எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் படிக்க வேண்டும்' என்று முடித்திருந்தாள்.

ரெங்கராஜ் சார் இரண்டு தடவை படித்தார்.

"ஒரு ஒழுகலுக்கு அறுநூறு வார்த்தையா மேடம்?"

"எந்த வார்த்தைய எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

பென்சிலை வைத்துக்கொண்டு தேடினார். இலக்கணப் பிழைகள் சிலவற்றைத் திருத்தினார். முடிவில் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷனை மெதுவாக ஓரிடத்தில் நுழைத்தார். அவள் மெதுவாக அதை எடுத்துவிட்டாள். கட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் நிரப்பினாள்: பலருக்குச் சொந்தமான வீட்டைப் பராமரிப்பது, ஆறாம் வகுப்பிலிருந்து, வருஷம் முழுக்க, தினமும் பள்ளிக்கு முன்னும் பின்னும். மரக்கன்று விழாவை அவள் எழுதவில்லை. மீதி ஒன்பது கட்டமும் வெறுமையாக இருப்பதைப் பார்த்து ரெங்கராஜ் சார், "பாழடைஞ்ச வீடு மாதிரி இருக்கே" என்றார். ஆனாலும் அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார். அந்த மனசு அவருக்கு உண்டு.

என் கடிதத்தில் நான் எழுதியது: வகுப்பில் கை தூக்கமாட்டாள். ஒரு தடவை மட்டும், மற்றவர்கள் வரி கட்டாவிட்டால் கட்டுகிறவன் ஏன் கட்டுகிறான் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

பொதுத் தேர்வுகள் முடிந்து ஏப்ரலில் நேர்காணல், அதே ஹைடெக் லேபில். திரையில் மூன்று பேர். எங்களுக்கு அறைக்குள் இருக்க அனுமதி உண்டு, பேசக் கூடாது. நானும் ரெங்கராஜ் சாரும் கேமராவுக்குப் படாமல் சுவரோரம் உட்கார்ந்தோம். ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது என்று அதை அவர் நிறுத்தியிருந்தார். வியர்வையில் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் பாடத்தில் கேட்டார்கள். சொன்னாள். கண்மாயைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு அவள் கொஞ்சம் அதிகமாகவே பேசினாள், ரெங்கராஜ் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் தடுக்கியபோது தமிழில் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை.

நடுவில் இருந்த பேராசிரியை தமிழ்க்காரர். கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். "இவ்வளவும் நல்லா இருக்கும்மா. ஆனா யார் வேணாலும் இப்படி ஒண்ணு எழுதிரலாம். கொஞ்சம் நம்புற மாதிரி எதாச்சும் சொல்லு. எல்லாரும் சரி சொல்ல ரொம்ப நாளாச்சுன்னு எழுதியிருக்கியே, கடைசியாச் சொன்னவர் யாரு? ஏன் அத்தன நாள் சொல்லல?"

பிரகதீஸ்வரி இல்லை என்று தலையசைத்தாள்.

"பேர் வேணாம். என்ன காரணம்னாச்சும் சொல்லேன்."

"அதச் சொல்றதில்லைங்க மேடம்."

"இங்க நாங்க மூணு பேருதான் இருக்கோம். வெளிய போகாது."

"அவங்க ஒவ்வொருத்தரும் அப்படிச் சொல்லிட்டுத்தாங்க கேப்பாங்க."

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை. "இது நீ படிக்கப் போற எடம். இலவசமா எல்லாம் தரப் போற எடம். எங்களுக்கு நிச்சயம் வேணும்ல?"

ரெங்கராஜ் சார் சுவரோரத்திலிருந்து அவளைப் பார்த்து, சொல்லு சொல்லு என்று வாயசைத்தார். சொல்லிவிட்டால் என்ன, அந்தச் செட்டியார் எங்கிருந்து கேட்கப் போகிறார் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. இந்தப் பக்கம் படிப்பு, அந்தப் பக்கம் திருப்பூர், நடுவில் ஒரே ஒரு பதில். அவள் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வெகுநேரம் அசைவே இல்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்து ரெங்கராஜ் சார் தவழ்ந்து போய் மவுஸை அசைத்தார். நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சொல்லிட்டேன்னா, நான் எழுதுனது எல்லாம் பொய்யாயிரும் மேடம்" என்றாள் பிரகதீஸ்வரி.

பேராசிரியை கட்டுரையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓடு மாத்துனது நெசம். மழை பெய்யறப்ப வந்து பாருங்க" என்றாள்.

பேராசிரியை கட்டுரையைக் கீழே வைத்தார். "சரிம்மா. ஒனக்கு எங்ககிட்ட எதாச்சும் கேக்கணுமா?" என்றார். விடுதியில் அறைக்கு எத்தனை பேர், நூலகம் எத்தனை மணி வரை என்று கேட்டாள். திரை அணைந்தது. ரெங்கராஜ் சார் ஃபேனைப் போட்டார். "போச்சு மேடம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, "வாரேன் டீச்சர், வாரேன் சார்" என்று பஸ்ஸுக்குப் போனாள். வளவைக் கூட்ட வேண்டிய நேரமாகிவிட்டதாம்.

மே மாதம் முடிவு வந்தது. இடமும் கிடைத்தது, எல்லாம் இலவசம் என்பதும் கிடைத்தது. ரெங்கராஜ் சார் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கிளம்பினார், நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் நிற்க மாட்டார்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட முனியாயி பள்ளிக்கு வந்தாள். மகள் அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழுக்காக நின்றுகொண்டிருந்தாள். முனியாயி என் மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றபடி, மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், ஊருக்குள்ள ஒரு மாதிரிப் பேசிக்கிறாக. இந்தப் புள்ள அந்த வீட்டுக் கதையச் சொல்லித்தான் சீட்டு வாங்குச்சாமே. மெய்யா? அவுக காதுக்குப் போச்சுன்னா எங்களுக்கு நிக்க எடமில்ல."

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அவர்கள் கேட்டது, மறுபடி கேட்டது, இவள் இருந்த விதம், கடைசியில் சொன்னது.

"சொல்லலையா?"

"சொல்லல."

"சீட்டு போயிரும்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

முனியாயி அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இது வாயில்லாப் பூச்சியா இருக்கே, எங்க போய் எப்படிப் பொழைக்கப் போகுதுன்னு நான் வேண்டாத சாமி இல்ல டீச்சர்" என்றாள். "கோயில் கோயிலாப் போயி, இதுக்குப் பேச்சக் குடுன்னு கேட்டிருக்கேன்."

அந்தக் கடைசி ஆள் யாரென்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன்.

"பெத்தவ நான், எங்கிட்டயே சொல்லலையே" என்று முனியாயி சொன்னாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன்.